ஓட்டு வீட்டுக்குள் படிப்பகம்: போனில் பேசுபவரையும் பரீட்சைக்குப் படிப்பவரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது எப்படி?

சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் அரசு திறந்த முதல்வர் படைப்பகத்தில் லேப்டாப்போடு வருபவர்களுக்கு ஒரு தளம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வேறு தளம். ஒரு தரப்பு நாள் முழுக்க மீட்டிங்கில் பேச வேண்டும், இன்னொரு தரப்பின் காதில் அது விழவே கூடாது என்பதால்தான் இந்தப் பிரிப்பு. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி மாதிரி ஊர்களில் அந்த மாதிரி மூன்று தளக் கட்டடம் எழுப்ப யாராலும் முடியாது. ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது. பிள்ளைகள் வெளியூர் போய்விட, பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டு வீடுகள். அவர்கள் தளமாகப் பிரித்ததை இங்கே கட்டாக, அதாவது வீட்டுப் பகுதிகளாகப் பிரிக்கலாம்.

உதாரணத்துக்கு 20 அடி அகலமுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தெருப்பக்கம் திண்ணை, அடுத்து ரேழி. உள்ளே 20 அடிக்கு 26 அடியில் கூடமும் தாழ்வாரமும், நடுவில் எட்டடிச் சதுர முற்றம். கூடத்தின் கடைசியில் காமிரா உள் என்கிற சாமான் அறை. அதன் பக்கத்து நடை வழியே போனால் இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை.

படி 1: வாடகை பேசும் முன் காதால் பாருங்கள்

கூடத்தின் நடுவில் மூன்று வேளை அரை அரை மணி நேரம் உட்காருங்கள்: காலை ஏழு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறரை. போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். போன் மைக் துல்லியமானதல்ல, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். பெரும்பாலான நேரம் 45 டெசிபலுக்குள் இருந்தால் நல்ல இடம். 55-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் உள்ளே என்ன செய்தாலும் தேறாது, விட்டுவிடுங்கள்.

ஆறரை மணியை ஏன் விடக்கூடாது என்றால், பக்கத்து வீட்டு டிவி அப்போதுதான் முழு வேகத்தில் ஓடும். ஒன்றேகால் அடிச் செங்கல் சுவர் பேச்சை நன்றாகவே தடுக்கும். இரண்டு வீட்டுக்கும் ஓடு ஒன்றாக ஓடி, மேலே சுவர் முழுதாக எழும்பாமல் இருந்தால் மட்டும் அந்த வீட்டு சீரியலைப் பணம் கட்டாமலே கேட்கலாம். கோவில் ஒலிபெருக்கியைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். மார்கழி முழுக்கவும் உற்சவப் பத்து நாளும் அது இருக்கத்தான் செய்யும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்று விதி உண்டு, ஆனால் ஊரோடு மல்லுக்கு நிற்பதைவிட அந்த நாட்களை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவது நல்லது.

படி 2: முற்றத்தை மூடாதீர்கள்

வீடு கைக்கு வந்ததும் எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை, முற்றத்துக்கு மேல் ஷீட் போடுவது. வேண்டாம். சுண்ணாம்புச் சுவரிலும் சிமெண்டுத் தரையிலும் பட்ட சத்தம் திரும்பத் திரும்ப எதிரொலித்துத்தான் ஓயும். திறந்த முற்றத்தின் வழியே மேலே போன சத்தம் திரும்பி வராது. அறுபத்து நான்கு சதுர அடிக்கு மிகச் சிறந்த ஒலி உறிஞ்சியை மேலே பொருத்தியதற்குச் சமம் அது, செலவும் இல்லை. நாற்காலி இழுத்த சத்தம் கூடத்தில் 'ணங்' என்று நிற்காமல் சட்டென்று அடங்குவதிலிருந்து இதைத் தெரிந்துகொள்ளலாம். தகர ஷீட் போட்டால் இந்தப் பலன் போவதோடு, ஐப்பசி மழையில் பறை அடித்த மாதிரி இருக்கும். பகலில் சூடும் கீழே இறங்கும்.

திறந்த முற்றத்தின் தொல்லை சாரல்தான். காற்றோடு பெய்யும்போது தாழ்வாரத்துக்குள் இரண்டடி வரை வரும். முற்றத்தைச் சுற்றிய தூண்களுக்கிடையே சுருட்டி இறக்கும் தார்ப்பாய் கட்டுங்கள். அடியில் ஒரு குழாயை நுழைத்து வைத்தால் காற்றில் அடித்துக்கொள்ளாது. முற்றத்துத் துளை வழியே இருபது குடம் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் அடைப்பு இருக்கிறது, அதை மழைக்கு முன்பே குத்தி எடுத்துவிட வேண்டும்.

படி 3: மேசைகளைச் சுவர் பார்க்கப் போடுங்கள்

முற்றம் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் ஆறாறு அடி கிடைக்கும். மேசைக்கு இரண்டடி, நாற்காலிக்கு இரண்டடி, நடக்க இரண்டடி. ஒரு ஆளுக்கு மூன்றடி அகலம் என்றால் பக்கத்துக்கு எட்டு இடம் வரும். ரேழிக் கதவை ஒட்டிய ஓர் இடத்தை இரண்டு பக்கமும் விட்டுவிடுங்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் முதுகை உரசிக்கொண்டு போகும் அந்த இடத்துக்குக் காசு கொடுத்து யாரும் இரண்டாம் மாதம் வர மாட்டார்கள். ஆக மொத்தம் பதினான்கு.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் கவனம் சிதறாது. ஆனால் கூடத்து விட்டத்தில் தொங்கும் விளக்கு முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், நம் தலை நிழலே புத்தகத்தில் விழும். எனவே விளக்கு மேசைக்கு மேலே, சுவரிலேயே இருக்க வேண்டும். மேசைப் பரப்பிலிருந்து நான்கடி உயரத்தில், இரண்டு பேருக்கு ஒன்று என்று 20 வாட் எல்இடி பட்டை விளக்குகள் எட்டு போதும், வாசலோரம் உட்பட.

படி 4: பேசும் அறை

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் தோற்கின்றன. கதவை மாற்றுவார்கள், சுவரில் தெர்மாகோல் ஒட்டுவார்கள், முட்டை அட்டைகூட ஒட்டுவார்கள். பேச்சு அப்படியே கூடத்தில் கேட்கும். ஏனென்றால் ஓட்டு வீட்டில் பல அறைகளின் சுவர் ஓடு வரை போவதில்லை, ஏழெட்டு அடியில் நின்றுவிடும். அதற்கு மேல் கூரை முழுக்க ஒரே வெளி. பேச்சு கதவு வழியே வரவில்லை, சுவரைத் தாண்டிக் குதித்து வருகிறது.

அதனால்தான் காமிரா உள்ளைத் தேர்ந்தெடுக்கிறோம். சாமான், நகை வைக்கிற அறை என்பதால் பல வீடுகளில் அதற்கு மச்சு போட்டிருப்பார்கள். மேலே பலகையும் அதன்மேல் செங்கல் சுண்ணாம்புத் தளமும் இருந்தால் மேல்வழி அடைபட்டது என்று அர்த்தம். மச்சு இல்லையென்றால் சுவரை ஓடு வரை செங்கல் வைத்து எழுப்பி, ஓட்டு அலைகளின் இடுக்கைச் சாந்து வைத்து அடைக்க வேண்டும். பலகை ஒன்றை மேலே சாத்திவிட்டுப் போவது போதாது, கனம் இல்லாத எதுவும் பேச்சை நிறுத்தாது.

அடுத்தது கதவு. பழைய இரட்டைக் கதவின் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும். கதவை எடுக்க வேண்டாம். நிலையின் வெளிப்பக்கம் 35 மில்லிமீட்டர் கெட்டிப் பிளஷ் கதவு ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, மூன்று பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். வாசற்படி உயரமாக இருப்பது இங்கே அதிர்ஷ்டம், கதவு படியில் இடித்து நின்றால் அடிச்சந்தும் அடைபட்டுவிடும்.

இப்போது சோதனை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கட்டும். மிக அருகிலுள்ள மேசையில் நீங்கள் உட்காருங்கள். முணுமுணுப்பு கேட்டால் பரவாயில்லை, வார்த்தை புரியக் கூடாது. புரிந்த பேச்சுதான் படிப்பவர் மண்டைக்குள் புகும். புரிந்தால், இரவில் கூடத்தை இருட்டாக்கி, உள்ளே விளக்கைப் போட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பேச்சும் கசியும் இடம்.

நன்றாக அடைத்த அறையில் கால் மணியில் புழுங்கிவிடும். இரண்டாம் கட்டுப் பக்கச் சுவரில் சிறிய எக்ஸாஸ்ட் விசிறி வையுங்கள். காற்று உள்ளே வருவதற்கும் அதே பக்கம் வழி விடுங்கள், கூடத்துப் பக்கம் துளை கூடாது. அறைக்குள் எதிரொலி இருந்தால் மறுமுனையில் கேட்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். அதற்கு இரண்டு பழைய பஞ்சு மெத்தைகளைச் சுவரில் மாட்டினால் போதும். மெத்தை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகிற சத்தத்தைத் தடுக்காது. தெர்மாகோலோ இந்த இரண்டு வேலையையும் உருப்படியாகச் செய்யாது.

படி 5: பராமரிப்பு நாளைக் கணக்கில் வைத்து மின்சாரம்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு, ஐந்து வரை மின்சாரம் இருக்காது. பாட்டரியை அந்த நாளுக்காகத் திட்டமிட வேண்டும், பத்து நிமிஷத் தடைக்காக அல்ல.

பழைய வயரிங்கை நம்பாமல் புதிதாக எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் வைத்த பிறகு, இன்வெர்ட்டரிலிருந்து இரண்டு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். முதல் லைனில் விளக்கு, விசிறி, வைஃபை. இரண்டாவதில் லேப்டாப் பிளக்குகள் மட்டும், தனி எம்சிபியோடு. 30 வாட் பிஎல்டிசி விசிறி ஐந்து 150 வாட், வைஃபை சாதனங்கள் 20, பகலில் முற்றத்து வெளிச்சம் இருப்பதால் நான்கு விளக்கு 80. முதல் லைன் 250 வாட். ஐந்து லேப்டாப் சேர்ந்தால் இன்னும் 250.

150 ஏஎச் டியூபுலர் பாட்டரி இரண்டு போட்டால் ஏட்டில் 3,600 வாட் ஹவர், கையில் கிடைப்பது சுமார் 2,400. இரண்டு லைனும் ஓடினால் ஐந்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். முதல் லைன் மட்டும் என்றால் ஒன்பது மணி நேரம் தாங்கும். பராமரிப்பு நாளில் காலை இரண்டு மணி நேரம் லேப்டாப்புகளுக்குக் கொடுத்துவிட்டு எம்சிபியை இறக்கிவிடுங்கள், அப்புறம் அவரவர் லேப்டாப் பாட்டரி. மீதம் 1,400 வாட் ஹவர், முதல் லைன் ஐந்தரை மணி நேரம் ஓடும். புது பாட்டரியில் நாலரை மணி வரை கணக்கு சரியாக வரும். மூன்றாம் வருஷத்தில் பாட்டரி தளர்ந்ததும் இரண்டாவது லைனைக் காலையிலேயே இறக்க வேண்டியிருக்கும்.

மின்னிணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் வணிகக் கட்டணத்துக்கு மாற்றச் சொல்லி உரிமையாளரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

படி 6: நெட்

வேகத்தைவிட முக்கியமான கேள்வி: தெருக் கம்பத்தில் மின்சாரம் தேவைப்படும் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறதா, இல்லை ஃபைபர் நேராக வீட்டுக்கே வருகிறதா? பெட்டி இருந்தால், உங்கள் இன்வெர்ட்டர் ஓடினாலும் தெருவில் கரண்ட் போன சில நிமிஷத்தில் நெட் போய்விடும். வீட்டுக்கே வரும் ஃபைபரை வாங்குங்கள். இரண்டாவதாக ஒரு சிம் ரூட்டர். இரண்டாவதும் ஃபைபராக இருந்து, இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரு தென்னை மட்டை விழுந்து இரண்டும் போகும்.

காலைக் கூட்ட நேரத்தில் விண்டோஸ் லேப்டாப்பின் கமாண்ட் பிராம்ப்டில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
ping -n 100 8.8.8.8
```

நூறில் ஒன்றுக்கு மேல் தொலைந்தால் வீடியோ மீட்டிங்கில் குரல் உடையும். ஓட்டுக்கடியில் போகும் ஒயரைப் பிவிசி குழாயில் விடுங்கள், எலிக்கு ஒயர் ரொம்பப் பிடிக்கும்.

படி 7: கட்டணம்

பதினான்கு இடத்தில் பத்தை மாணவர்களுக்குக் காலை, மாலை என இரண்டு முறையாகக் கொடுத்தால் இருபது பேர், ஆளுக்கு 500 வீதம் 10,000. மீதி நாலு இடம் வேலை செய்பவர்களுக்கு 2,000 வீதம் 8,000. எல்லா இடமும் நிரம்பினால் 18,000. கூட்டிப் பெருக்கித் திறந்து மூடும் ஆளுக்கு 6,000, மின்சாரம் 2,500, நெட் 1,500, பாட்டரிக்கு எடுத்து வைக்க 1,000 என்று வைத்தால் வாடகைக்கு முன்பே 11,000. குரூப் 4 தேர்வு முடிந்த மாதம் மாணவர் இடத்தில் பாதி காலியானால் வரவு 13,000. ஆக வாடகை 2,000-ஐத் தாண்டினால் அந்த மாதம் நஷ்டம். வெளியூரில் இருக்கும் உரிமையாளரிடம் வருஷா வருஷம் ஓடு மாற்றித் தருகிறோம், வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பேசுவதுதான் வழி. பூட்டிய வீட்டில் ஓடு சரிந்து விட்டம் உளுத்துப்போவது அவருக்கும் தெரியும்.