ஒரு கோடு சிக்னலில் 12 படங்களை அனுப்புவது எப்படி?

பெரும்போகத்து வெள்ளம் வடிந்த கையோடு, மச்சானின் வயல் சேதத்தைப் படமெடுத்து நட்டஈட்டுக்கான இணையப் படிவத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. வயல் உன்னிச்சைப் பக்கம். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அவன் 12 படங்களையும் ஒரேயடியாகத் தெரிவுசெய்து அனுப்பினான். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடிவிட்டு அறுந்தது. மறுகா முதலில் இருந்து. மூன்றாம் தடவையோடு டேட்டாவும் தீர்ந்தது. "இனி நீயே அனுப்பு மச்சான்" என்று போனை என் கையில் தந்துவிட்டான்.

சாதாரணப் படிவங்கள் தெரிவுசெய்த படங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகின்றன. பாதியில் அறுந்தால் போன பாதி கணக்கில் சேராது. அவனுடைய படம் ஒன்று 3.8 எம்பி, 12 படம் ஏறக்குறைய 46 எம்பி. விநாடிக்கு 50 கேபி ஏறும் இணைப்பில் அதற்குக் கால் மணித்தியாலம் வேண்டும். அவ்வளவு நேரம் ஒரு கோடு சிக்னல் அசையாமல் நிற்குமா?

முதலில் படங்களைச் சுருக்குங்கள். நான் squoosh.app என்ற தளத்தைப் பாவிக்கிறேன். சுருக்கும் வேலை போனுக்குள்ளேயே நடப்பதால் படம் வெளியே போகாது, அதற்கு டேட்டாவும் செலவாகாது. பக்கத்தை மட்டும் சிக்னல் நன்றாக உள்ள இடத்திலேயே திறந்து வையுங்கள். படத்தைத் திறந்து `Resize` என்பதைப் போட்டு, `Width` பெட்டியில் 1600 என்று கொடுங்கள். நெட்டாக எடுத்த படமென்றால் `Height` பெட்டியில் 1600. `Quality` 75 போதும். 4000க்கு 3000 அளவில் இருந்த படம் 400 கேபி அளவுக்கு இறங்கியது. சாய்ந்த கதிரும் வரம்பு உடைந்த இடமும் தெளிவாகவே தெரிந்தன. `Quality` 50இற்குக் கீழே போனால் சேற்று நீர் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இப்படிச் சுருக்கும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த திகதியும் இடமும் அழிந்துவிடும். நட்டஈட்டு விடயத்தில் அவற்றைப் பிறகு கேட்கக்கூடும். ஆகவே மூலப் படத்தை அழிக்க வேண்டாம். சுருக்கிய பிரதிகளுக்கு `01-varambu.jpg`, `02-kathir.jpg` என்று எண்ணோடு பெயர் வையுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

அனுப்பும்போது ஒவ்வொன்றாக அனுப்புங்கள். 400 கேபி படம் அதே இணைப்பில் 8 விநாடியில் ஏறிவிடும். அறுந்தாலும் இழப்பு அந்த ஒரு படம்தான். போன் பின்னணியில் படங்களைத் தானாகக் காப்பெடுக்கிறதா என்று பார்த்து, அதை நிறுத்தி வையுங்கள். அது இருக்கிற ஒரு கோட்டிலும் பாதியைத் தின்றுவிடும். படம் ஏறி முடியும்வரை வேறு செயலிக்கும் போகாதீர்கள்.

தோற்றுப்போனால் உடனே மறுபடி அமுக்காதீர்கள். 30 விநாடி பொறுங்கள். அடுத்த முறை 1 நிமிடம், அதற்கடுத்து 2 நிமிடம். சிக்னல் இல்லாத நேரத்தில் திரும்பத் திரும்ப அமுக்கினால் பட்டரிதான் இறங்கும். திரையில் 413 என்று வந்தால் கதை வேறு: கோப்பு பெரிது என்று சேவையகம் மறுக்கிறது. எத்தனை முறை அனுப்பினாலும் ஏறாது, இன்னும் சுருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது கடைசியில்தான். பட்டை 100% காட்டினால் போன் தன் பங்கை அனுப்பி முடித்துவிட்டது என்றுதான் பொருள். சேவையகம் படத்தைச் சேமித்து, 'கிடைத்தது' என்று பதில் அனுப்பி, அது உங்கள் திரைக்கு வர வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால், படம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தும் உங்களுக்குத் 'தோல்வி' என்றே காட்டும். சேவையகத்தின் பதில் நேரத்துக்குள் வரவில்லை என்று சொல்லும் 504 வந்தாலும் இதே சந்தேகம்தான். அதனால் மறுபடி அனுப்பும் முன், ஏற்றிய படங்களின் பட்டியலைப் புதிதாகத் திறந்து பாருங்கள். பெயரில் எண் இருந்தால் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று ஒரு பார்வையில் பிடிபடும். பக்கத்தைப் புதுப்பிக்கும்போது குரோம் `Confirm Form Resubmission` என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். அதே படம் இரண்டாம் தடவை போய்விடும்.

நாங்கள் விடிய ஐந்து மணிக்கு, ஊர் முழிக்கும் முன், மதகுக்கு மேலே நின்று தொடங்கினோம். ஆறு படங்கள் சிக்கலின்றி ஏறின. ஏழாவது 100% வந்து அப்படியே நின்றது. மச்சான் பொறுக்காமல் பின்னாலிருந்து விரலை நீட்டி அமுக்கிவிட்டான். சரி என்று பட்டியலைத் திறந்தால் `07-vaaikkaal.jpg` இரண்டு இருந்தது. ஒன்றை அழித்துவிட்டு மிச்சம் ஐந்தையும் ஏற்றினோம். கடைசியில் வந்த பதிவிலக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். அதுவரை போனை அவன் கையில் கொடுக்கவில்லை.