ஜெர்மனியில் வெப்பக் கட்டணம்: ரேடியேட்டர் எண்ணை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ரேடியேட்டரை ஓட்டாதீர்கள் என்பதையெல்லாம் வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வருவது, ஜெர்மனியில் புதிதாக வாடகைக்கு வருபவர்கள் குளிர்கால பில்லைப் பார்த்ததும் செய்யும் தவறுகளைப் பற்றி.

பங்கு எண்ணை மின்சார யூனிட் போல் கணக்கிடுவது

ரேடியேட்டரின் முகப்பில் இருக்கும் சிறிய வெள்ளைப் பெட்டி வெப்பத்தை அளப்பதில்லை. ரேடியேட்டர் எவ்வளவு சூடாக, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை உணர்ந்து ஓர் எண்ணை ஏற்றிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு kWh போன்ற அலகு கிடையாது. கட்டடத்தின் மொத்தச் செலவைக் குடித்தனங்களுக்குள் பங்கு போடுவதற்கே அது பயன்படுகிறது; அதனால்தான் அதைப் பங்கு எண் என்கிறேன்.

அண்மையில் ஓர் இளம் தம்பதி பில்லோடு வந்தார்கள். "கூடத்தில் 900, படுக்கையறையில் 500. ஆக 1400 யூனிட். 12 சென்ட் வீதம் போட்டால் 168 யூரோதானே, அண்ணா? 1004 யூரோ கேட்கிறார்களே!" வீட்டு நிர்வாகத்துக்குச் சண்டைக் கடிதமே எழுதிவிட்டார்கள். எத்தனை பேர் இதே கணக்கைப் போட்டு வீணாக மல்லுக்கு நிற்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பில்லை வரிவரியாகப் பார்த்தோம். கட்டடத்தின் ஆண்டுச் செலவு 12,000 யூரோ. அதில் 30 சதவீதம், அதாவது 3,600 யூரோ, வீட்டின் பரப்பளவுப்படி பிரிகிறது. மொத்தம் 600 சதுர மீட்டரில் இவர்கள் வீடு 60. ஆகவே ரேடியேட்டரைத் தொடாமலே இருந்திருந்தாலும் 360 யூரோ உண்டு. மீதி 8,400 யூரோவைக் கட்டடம் முழுவதன் 24,000 பங்குகளால் வகுத்தால் ஒரு பங்கு 35 சென்ட்.

இவர்களுடைய பங்குகள் 1400 அல்ல. பெரிய ரேடியேட்டர் அதே சூட்டில் அதிக வெப்பம் தருவதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. கூடத்தில் 1.6, படுக்கையறையில் 0.8. ஆக 1440, 400, மொத்தம் 1840. அதற்கு 644 யூரோ, பரப்பளவுக்கு 360. கூட்டினால் அதே 1004.

சில பெட்டிகளில் பெருக்கு எண் உள்ளேயே பதியப்பட்டிருக்கும். அங்கே மறுபடி பெருக்கக் கூடாது. பெருக்கு எண் தனியாக இருந்தால் பில்லில் அதற்கென ஒரு பத்தி இருக்கும். அதைப் பார்க்காமல் பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரு பங்கின் விலையும் எல்லோருடைய எண்களும் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

சென்ற ஆண்டு எண்ணை இந்த ஆண்டு எண்ணாக வாசிப்பது

திரையில் எண்கள் மாறி மாறி வரும். ஒன்று ஓடும் எண், மற்றொன்று கணக்கு முடிந்த நாளில் உறைந்த எண். அந்த நாளில், பெரும்பாலும் டிசம்பர் 31, ஓடும் எண் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

வெப்ப மீட்டரில் காற்புள்ளியை மறப்பது

ரேடியேட்டர் பெட்டியைப் போலன்றி, குழாயில் பொருத்திய மீட்டர் உண்மையாகவே வெப்பத்தை அளக்கிறது. ஜெர்மனியில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி: 3,482 MWh என்றால் 3482 kWh.

குடிவந்த நாளில் எண்களைக் குறிக்காமல் விடுவது

பெட்டியின் தொடர் எண்ணும் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுங்கள்.

தாமதமாக வந்த பில்லுக்கு உடனே பணம் கட்டுவது

கணக்காண்டு முடிந்து 12 மாதத்துக்குள் பில் வந்து சேராவிட்டால், தாமதத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பல்ல என்றாலொழிய, அவர் கூடுதல் தொகை கேட்க முடியாது.