பாப்பா வீடு வந்த படத்துக்கு இரண்டு வரி: எங்கே தவறுகிறது?

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து போக அடிக்கடி வருவது ஒரே மாதிரிப் படம்தான். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகி, பிறந்த பிள்ளையோடு வாசலில் நின்று ஆரத்தி எடுத்துக்கொள்ளும் படம். பிரேம் போடவும் ஸ்டேட்டஸ் வைக்கவும் கேட்பார்கள். கூடவே, "அண்ணா, கீழே நல்லதா ரெண்டு வரி போட்டுக் குடுங்க" என்பார்கள். அந்த இரண்டு வரியில்தான் சறுக்குகிறது.

போன மாதம் வந்த ஒரு தம்பியின் கதையைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும். அவருக்குச் சொந்த ஊர் மத்தூர் பக்கம், வேலை ஓசூரில் ஒரு கம்பெனியில். மனைவிக்கு எங்கள் ஊர். தலைப்பிரசவம் என்பதால் பிள்ளை வந்தது மாமியார் வீட்டுக்கு. போனில் அவர் காட்டிய படத்தில் துண்டில் சுற்றிய பிள்ளையை மாமியார் ஏந்தியிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி, ஒரு கை நிலையைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை வயிற்றின் மேல். ஆபரேஷன் ஆன உடம்பு. பின்னால் பிளாஸ்க், வயர்கூடை சகிதம் இவர். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர்த் தட்டோடு எதிரே மச்சினிச்சி.

அதற்கு அவர் எழுதி வந்திருந்த வரி இது: "இருவராய்ப் போனோம், மூவராய் வந்தோம். வலது காலை எடுத்து வைத்து நம் இல்லம் வந்தாள் எங்கள் மகாலட்சுமி!"

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பது இது இல்லை.

முதலில் அந்த வலது கால். அது புதுப்பெண்ணுக்குச் சொல்லும் வார்த்தை. புகுந்த வீட்டுப் படியைத் தாண்டுகிறவள் தன் காலால் தாண்டுகிறாள், அதனால் அது பொருந்துகிறது. பிறந்து சில நாளே ஆன பிள்ளை எந்தக் காலையும் எடுத்து வைப்பதில்லை, யாரோ தூக்கி வருகிறார்கள். "பாதம் பதித்தாள்", "அடியெடுத்து வைத்தான்" எல்லாமே இந்தக் கணக்குதான். கல்யாண ஆல்பத்தில் எழுதிப் பழகிய கை அப்படியே இங்கேயும் எழுதிவிடுகிறது. தூக்கி வந்தது யார் என்று எழுதினால் அந்த வாசலின் விசேஷமே அதில் வந்துவிடும். எங்கள் பக்கம் பெரும்பாலும் அது அம்மாவைப் பெற்ற ஆயாவின் கைதான்.

"இருவராய்ப் போனோம்" என்பதும் சிக்கல்தான். ஆஸ்பத்திரிக்கு இருவர் மட்டும் போகிற வழக்கம் நம் ஊரில் எங்கே இருக்கிறது? வலி எடுத்த ராத்திரி வண்டியில் ஏறியது மாமியாரும் மகளும். தம்பி ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அப்படியிருக்க, இருவர் மூவர் என்று எண்ணி எழுதினால் வார்டில் பாயில் படுத்துக் கிடந்த கிழவி கணக்கிலேயே வருவதில்லை. படத்தில் பிள்ளையை ஏந்தி நிற்பதும் அவர்தான்.

அடுத்தது "இல்லம்". யார் இல்லம்? தலைப்பிள்ளைக்கு நம்மிடம் வாசல் இரண்டு. இப்போது தாய் வீட்டு வாசல். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தகப்பன் வீட்டு வாசல், அன்றைக்கும் ஆரத்தி உண்டு. பொத்தாம் பொதுவாக "வீட்டுக்கு வந்தாச்சு" என்று போட்டால், மத்தூரில் படத்தைப் பார்க்கிற தகப்பன் பக்கத்துக்காரர்களுக்கு, "அப்போ இது வீடு இல்லையா?" என்று சுருக்கென்றிருக்கும். எந்த வாசல் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், மனத்தாங்கலுக்கே இடமில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது "நம்", "எங்கள்" இரண்டும் ஒரே வரியில் முட்டிக்கொள்வதுதான். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், நம் வீடு. அவரை வெளியே நிறுத்திச் சொன்னால் நாங்கள், எங்கள் வீடு. பேசும்போது இதில் யாரும் தவறுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் "நம்ம வீட்டுக் கடன்" என்று யாராவது சொல்வோமா? எழுதும்போது மட்டும் தடுமாறுகிறோம். காரணம், யாரிடம் பேசுகிறோம் என்று முடிவு செய்யாமலே எழுத உட்காருவதுதான்.

தம்பியின் வரியில் "நம் இல்லம்" என்றால் பார்க்கிற முன்னூறு பேரும் அந்த வீட்டுக்காரர்கள் ஆகிறார்கள். உடனே "எங்கள் மகாலட்சுமி" என்றதும் அத்தனை பேரும் வெளியே போய்விடுகிறார்கள். ஊருக்குச் சொல்வதென்றால் கடைசிவரை "எங்கள்" என்றே போகவேண்டும். பிள்ளையிடம் சொல்வதென்றால் "நம்ம" என்றே போகலாம். வாசல் படத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பேன். நேற்று வரை அந்த வீட்டுக்காரர்கள் "எங்க வீடு" என்று சொன்ன இடத்தை முதல் தடவையாகப் பிள்ளையிடம் "நம்ம வீடு" என்கிறார்கள். படியைத் தாண்டியதை இதற்கு மேல் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பெரியப்பா முதல் கூட வேலை செய்பவர் வரை பார்க்கிற ஸ்டேட்டஸ்தான், இருந்தாலும் அவர்கள் ஒட்டுக்கேட்கிற மாதிரி இருப்பதில் ஒரு அழகு இருக்கிறது.

மகாலட்சுமியை நான் எடுக்கச் சொல்லவில்லை, அது அவர்கள் ஆசை. ஆனால் பையன் பிறந்தால் "வாரிசு வந்தாச்சு", "சிங்கக்குட்டி" என்று கொட்டை எழுத்தில் கேட்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுப்பேன். பெண் பிள்ளை வேண்டாம் என்று விடுகிறவர்களுக்காகத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்தில் தொடங்கினார்கள். பிறகு அதை விரிவாக்கிய மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று, அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தது. அதே ஊரில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்தவனுக்கு "வாரிசு" என்று போட்டால், பாவாடையைப் பிடித்துக்கொண்டு படத்து ஓரத்தில் நிற்கிற அக்காக்கள் யார்? எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது வந்ததும் அவர்களே அந்தப் பிரேமைப் படிப்பார்கள். "ரெண்டு அக்காவும் வாசல்லயே காத்திருந்தாங்க" என்று ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன். பையன் என்பதைத் தனியாகச் சொல்லவே தேவைப்படவில்லை.

பிள்ளையின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தாயின் பெயரும் நோயாளி எண்ணும் அதில் இருக்கும், பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். அதை மறைத்துவிட்டுத்தான் படத்தைத் திருப்பிக் கொடுப்பேன். கண்ணு படும் என்று முகத்தைக் காட்ட வேண்டாம் என்கிற வீட்டில், துண்டும் ஆரத்தித் தட்டும் தெரிந்தாலே போதும். அதற்கு வரி எழுதுவது இன்னும் சுலபம், "தங்கமே, நிலவே" என்று முகத்தை வர்ணிக்கிற வேலை இல்லை.

தம்பியிடம் நான் கேட்டதெல்லாம், யார் தூக்கியிருக்கிறார், யார் எங்கே நிற்கிறார், பிள்ளையிடம் என்ன சொல்லி உள்ளே கூப்பிட்டீர்கள் என்பதுதான். அவர் சொன்னதை அப்படியே அடுக்கினோம்.

"ஆயா கையில நீ. நிலையைப் பிடிச்சுக்கிட்டு உங்கம்மா. கூடையோட பின்னாடி நான். ஆரத்தி சுத்தியாச்சு. உள்ள வா பாப்பா, இது நம்ம ஆயா வீடு."

ஐந்து சின்ன வாக்கியம். "வா பாப்பா" என்பது மாமியார் சொன்ன வார்த்தையாம். பேச்சுத் தமிழ் பிரேமில் நன்றாக இருக்குமா என்று தயங்கினார். வாசலில் யாரும் "வருக மழலையே" என்று சொல்லவில்லையே என்றேன்.

ஸ்டேட்டஸ் வைத்த அரை மணி நேரத்தில் மத்தூரிலிருந்து அவர் அம்மா போன் பண்ணினார். "ஏண்டா, நம்ம வாசலுக்கு எப்போ?" என்று கேட்டாராம். மறுநாள் தம்பி திரும்ப வந்து, ஒற்றைப் பிரேமை இரட்டைப் பிரேமாக மாற்றச் சொன்னார். ஒரு பக்கம் இந்தப் படம். இன்னொரு பக்கம் இப்போதைக்கு வெறும் கண்ணாடி.