எல்லாம் எடிட் செய்து முடித்த பிறகா வாட்டர்மார்க்கைப் பார்ப்பது?

வீடியோ எடிட்டிங் புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது "இந்த வாட்டர்மார்க்கை எப்படி எடுப்பது" என்பதைத்தான். கேள்வி நியாயமானது. கேட்கிற நேரம்தான் எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் எல்லோரும் வேலை முழுவதையும் முடித்து, எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி, மூலையில் ஆப்பின் பெயரைப் பார்த்த பிறகுதான் வருகிறார்கள். வாட்டர்மார்க் விஷயத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகளையும் அதற்கான வழிகளையும் கீழே சொல்கிறேன். எழுத்துப்பிழை, ஆடும் கேமரா மாதிரியான சில்லறைத் தவறுகளை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அந்த முத்திரை ஏன் வருகிறது

ஆப்பை எழுதியவர்களுக்கு வருமானம் வேண்டும். இலவசமாகப் பயன்படுத்துகிறவர் வெளியிடும் ஒவ்வொரு வீடியோவும் மூலையில் ஒரு விளம்பரத்தோடு ஊர் சுற்றுகிறது, அது எரிச்சலாக இருந்தால் அவரே பணம் கட்டிவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் அவர்களுக்கு லாபம். எல்லாக் கருவிகளையும் இலவசமாகத் திறந்துவிட்டு எக்ஸ்போர்ட்டில் மட்டும் பிடிப்பதற்கும் காரணம் உண்டு: உங்கள் உழைப்பு முழுவதும் உள்ளே போன பிறகு பாதியில் விட்டுப்போக மனம் வராது. தந்திரம்தான், ஆனால் மோசடி என்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் ஆப்பின் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை.

தொழில்நுட்பமாக ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். எடிட் செய்யும்போது வாட்டர்மார்க் தனி அடுக்காக இருக்கலாம், ஆனால் எக்ஸ்போர்ட்டில் அது ஒவ்வொரு ஃபிரேமோடும் கலந்து பிக்சலாகிவிடுகிறது. அதற்கு அடியில் இருந்த படம் அந்தக் கோப்பில் அப்படியே இல்லை. "எடுக்கிறோம்" என்று சொல்லும் எந்தக் கருவியும் பெரும்பாலும் அந்த இடத்தை ஊகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான்.

புராஜெக்டை அழித்துவிட்டு வருவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

அண்மையில் ஒரு தம்பி நான்கு நிமிடக் குறும்படத்தோடு வந்தார். நேர்த்தியான வெட்டுகள், இசையும் வசனமும் சரியான அளவில் கலந்திருந்தன. வலது மேல் மூலையில் ஆப்பின் பெயர். "புராஜெக்டைத் திற, ஒரு வழி பார்ப்போம்" என்றேன். போனில் இடம் இல்லையென்று வீடியோ வெளிவந்த கையோடு புராஜெக்டை அழித்துவிட்டாராம். புராஜெக்ட் இருந்திருந்தால் அந்த ஆப்பிலேயே ஒரு மாதச் சந்தா கட்டி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, அன்றைக்கே முடித்திருக்கலாம்.

அவர் கேட்டது, "மேலே கொஞ்சம் க்ராப் செய்தால் என்ன அண்ணா?" சரி, கணக்குப் போட்டுப் பார்த்தோம். படம் 1920 × 1080. வாட்டர்மார்க் மேல்விளிம்பிலிருந்து 90 பிக்சல் வரை இறங்கியிருந்தது. அதை வெட்டினால் உயரம் 990, அகலத் திரை விகிதம் மாறாமலிருக்க அகலத்தையும் 1760 ஆக்க வேண்டும். படத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் போய்விட்டது. மீதியை 1920-க்கு இழுத்தால் மென்மையாகிவிடும், ஏற்கெனவே ஒருமுறை சுருக்கிய வீடியோவை இரண்டாம் முறை சுருக்குவதால் இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும், அவர் நெருக்கமாக எடுத்திருந்த முகங்களின் நெற்றியும் போய்விடும். மங்கலாக்கிப் பார்த்தோம். கேமரா அசையாத ஷாட்டில் கண் அதை மன்னித்துவிடுகிறது, கேமரா நகர்ந்தவுடன் மூலையில் ஒரு அழுக்கு மிதக்கிறது.

நல்லவேளையாக ஷூட் செய்த மூலக் கிளிப்கள் இருந்தன. அப்படி இருந்தால் செய்யக்கூடியது இது. முத்திரை படத்தில் மட்டும்தான், ஒலியில் இல்லை. அதனால் இசையும் வசனமும் கலந்த ஒலியை மீண்டும் உருவாக்கத் தேவையில்லை, கணினியில் ffmpeg என்ற இலவசக் கருவியால் அப்படியே பிரித்தெடுக்கலாம் (இந்தக் கட்டளை ஒலி AAC வடிவில் இருந்தால் சரியாக வரும், போன் ஆப்கள் பெரும்பாலும் அதைத்தான் தருகின்றன):

```
ffmpeg -i padam.mp4 -vn -c:a copy oli.m4a
```

அப்புறம் ஷாட்கட் அல்லது கேடென்லைவ் என்ற கணினி எடிட்டரில் புதிய புராஜெக்ட். பழைய வீடியோ எத்தனை ஃபிரேம் வேகத்தில் வெளிவந்ததோ அதே வேகத்தை முதலில் வையுங்கள், 30-க்கு 25 என்று மாற்றி வைத்தால் வெட்டுகள் பழையவற்றோடு பொருந்தாது, எங்கே தப்பு என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். வாட்டர்மார்க் உள்ள வீடியோவை ஒலியை அணைத்துக் கீழ் டிராக்கில் வழிகாட்டியாகப் போட்டு, மேல் டிராக்கில் மூலக் கிளிப்களை ஒவ்வொரு வெட்டுக்கும் நேராக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். மேல் கிளிப்பின் ஒளிபுகாத்தன்மையைப் பாதியாகக் குறைத்தால் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், ஒரு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் அசைகிற கையோ உதடோ இரட்டையாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் மேல் கிளிப்களின் ஒளிபுகாத்தன்மையை மறுபடி முழுதாக்கி, பிரித்தெடுத்த ஒலியைச் சேர்த்து, கீழ் டிராக்கை மறைக்க மறக்காதீர்கள், மேலே எங்காவது ஒரு ஃபிரேம் இடைவெளி விட்டிருந்தால் பழைய வாட்டர்மார்க் அங்கே எட்டிப்பார்க்கும்.

எழுத்தும் நிறத்திருத்தமும் கையால் மறுபடி போட வேண்டியதாயிற்று. ஒரு நாள் முழுக்க அதற்கே போனது. புராஜெக்டை வைத்திருந்தால் சில நிமிட வேலை.

ஐந்து வினாடி சோதனை செய்யாதது

எந்த ஆப் ஆனாலும் முதல் வேலை: ஏதாவது ஒரு கிளிப்பை ஐந்து வினாடிக்கு வெட்டி, ஒரு எழுத்து, ஒரு எஃபெக்ட் போட்டு எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். மூலைகளையும் கடைசி வினாடியையும் பாருங்கள், சில ஆப்கள் படத்தின்மேல் எதுவும் போடாமல் முடிவில் தங்கள் பெயருள்ள துண்டு ஒன்றைச் சேர்க்கும். அந்தத் துண்டை டைம்லைனிலேயே அழிக்க விடுகிறார்கள் என்றால் தாராளமாக அழிக்கலாம். அப்டேட்டுக்குப் பிறகு விதி மாறலாம், ஆகவே பெரிய வேலைக்கு முன்னால் மறுபடி ஒருமுறை.

கணினி இருந்தால் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் திறமூல மென்பொருள்கள், வாட்டர்மார்க் கிடையாது. ஆப்பிள் கருவிகளில் ஐமூவி இருக்கிறது, அதிலும் கிடையாது.

ஒரே ஒரு கட்டண எஃபெக்ட்

டாவின்சி ரிசால்வ் என்ற கணினி எடிட்டரின் இலவசப் பதிப்பு சாதாரணமாக வாட்டர்மார்க் போடாது. ஆனால் இரைச்சல் குறைப்பு போல கட்டணப் பதிப்புக்கு மட்டுமான ஒன்றை ஒரு கிளிப்பில் வைத்தால் அந்தக் கிளிப்பின் மேல் முத்திரை விழும். மென்பொருளை மாற்ற ஓடாதீர்கள், அந்த எஃபெக்டை நீக்குங்கள்.

வேறொருவரின் முத்திரையை ஆப்பின் முத்திரை என்று நினைப்பது

விற்பனைக்கு வைத்திருக்கும் ஸ்டாக் வீடியோவின் மாதிரியை எடுத்துப் போட்டிருந்தால் அந்த வாட்டர்மார்க் எந்த ஆப்பிலும் போகாது, போகவும் கூடாது. அது எடுத்தவரின் உரிமை. வாங்குங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

"மாட்" ஆப்

பணம் கட்டாமலே வாட்டர்மார்க்கை நீக்கித் தருவதாகச் சொல்லும் ஆப்கள் இவை. வேண்டாம். யாரோ பிரித்து மறுபடி கட்டிய ஆப்புக்கு உங்கள் படங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறீர்கள். அதன் டிஜிட்டல் கையொப்பம் வேறு என்பதால் உண்மையான ஆப்பின் அப்டேட்டும் அதன்மேல் ஏறாது.

விளம்பரம் பார்த்து நீக்குவது

சில ஆப்கள் தருகிற நேர்மையான வழி. அந்த ஒரு எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் செல்லும், அதனால் கடைசித் திருத்தம் முடிந்த பிறகு பாருங்கள்.

இலவச டிரையல்

சில டிரையல்கள் கருவிகளை மட்டும் திறந்துவிட்டு வாட்டர்மார்க்கை அப்படியே வைத்திருக்கும், ஐந்து வினாடி சோதனை இங்கேயும். இன்னொன்று, போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும், டிரையல் முடிவதற்கு முன்னால்.