டிரான்ஸ்ஃபார்மர் ரெகுலேஷன் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கிள் ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜ் ரெகுலேஷனை, அதாவது லோடு ஏறும்போது வோல்டேஜ் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்பதை, புதிதாகக் கணக்கிடுபவர்களின் தாள்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. பெருக்கல் பிழை, தசமப் புள்ளி இடம் மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இன்னொரு முறை பார்த்தாலே அவை சிக்கிவிடும். இது சிக்காது, ஏனென்றால் விடை நம்பும்படியாகவே வருகிறது. அதை முதலில் பார்ப்போம், மற்ற தவறுகளைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரு பக்க ஓம்களையும் அப்படியே கூட்டுவது

20 கே.வி.ஏ., 2000/200 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரைமரியில் மின்தடை 1.5 ஓம், லீக்கேஜ் ரியாக்டன்ஸ் 2.5 ஓம். செகண்டரியில் 0.015 ஓம், 0.025 ஓம். முழு லோடு, பவர் ஃபாக்டர் 0.8 லேகிங். பிரைமரி மின்னோட்டம் 10 ஆம்பியர், செகண்டரியில் 100 ஆம்பியர்.

பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் இதே மாதிரிக் கணக்கில் 1.5-உடன் 0.015-ஐக் கூட்டி 1.515 ஓம் என்றும், ரியாக்டன்ஸை 2.525 ஓம் என்றும் எழுதினார். விடை 1.36 சதவீதம். "ரெகுலேஷன் குறைவாக இருக்கிறது, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் சார்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். 27 சதவீதம் என்று வந்திருந்தால் அவரே சந்தேகப்பட்டிருப்பார். 1.36-ஐ யார் சந்தேகப்படுவார்கள்?

செகண்டரியின் 0.015 ஓமில் 100 ஆம்பியர் ஓடும்போது 150 வாட் வெப்பமாகப் போகிறது. அந்த மின்தடையைப் பிரைமரி பக்கம் கொண்டுபோனாலும் அதே 150 வாட் போக வேண்டும். அங்கே ஓடுவது 10 ஆம்பியர்தான், அதனால் அதன் மதிப்பு 1.5 ஓமாக இருந்தாக வேண்டும். அதாவது சுற்று விகிதம் 10-இன் வர்க்கமான 100-ஆல் பெருக்க வேண்டும். சிலர் வர்க்கத்தை மறந்து 10-ஆல் மட்டும் பெருக்குவார்கள். அப்போது ரெகுலேஷன் 1.49 என்று வரும், அதுவும் நம்பும்படிதான் இருக்கும்.

சரியான கணக்கு இப்படி:

```
R = 1.5 + 100 × 0.015 = 3 Ω
X = 2.5 + 100 × 0.025 = 5 Ω
ΔV = I (R cosφ + X sinφ)
   = 10 (3 × 0.8 + 5 × 0.6) = 54 V
54 / 2000 = 2.7 %
```

தவறான விடை உண்மையில் பாதிதான். இதை நம்பி டேப் வைத்தால் என்ன ஆகும்? முழு லோடில் 200 வோல்ட் வேண்டுமென்றால், லோடு இல்லாதபோது 205.4 வோல்ட் இருக்க வேண்டும். 1.36-ஐ நம்பியவர் 202.7-இல் நிறுத்துவார். லோடு ஏறியதும் செகண்டரி 197-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மாற்றிய பின் செகண்டரி மின்தடை பெரும்பாலும் பிரைமரி மின்தடைக்குப் பக்கத்தில்தான் வரும். நூறில் ஒரு பங்காக நின்றால் மாற்றவே இல்லை என்று பொருள். அப்புறம் ஷார்ட் சர்க்யூட் சோதனை இருக்கிறது: செகண்டரியைக் குறுக்கிணைத்து, பிரைமரியில் 10 ஆம்பியர் ஓட சுமார் 58 வோல்ட் தேவைப்படும். அந்த இளைஞரின் ஓம்களை வைத்தால் 29 வோல்ட் போதும் என்று வரும். சோதனைத் தாள் கையில் இருந்தால் ஒரே நிமிட வேலை.

சோதனையிலிருந்தே அளவுகளை எடுக்கிறீர்கள் என்றால், வேறு மாதிரி கவனம் தேவை. அதில் கிடைக்கும் ஓம், மீட்டர் இணைத்த பக்கத்துக்கு உரியது; இரண்டு வைண்டிங்கும் ஏற்கெனவே அதில் அடங்கிவிட்டன. அதை மறுபடி வர்க்கத்தால் பெருக்கக் கூடாது. லோடு செகண்டரியில்தானே என்று 100 ஆம்பியரை அந்த 3 ஓம், 5 ஓமில் போட்டால் 540 வோல்ட் வரும். செகண்டரி பக்கமே கணக்கிட விரும்பினால் 0.03 ஓம், 0.05 ஓம், 100 ஆம்பியர்: 5.4 வோல்ட், 200-இல் 2.7 சதவீதம். இரண்டு பக்கமும் ஒரே சதவீதம் வர வேண்டும்.

இம்பீடன்ஸ் டிராப்பை நேராகக் கூட்டுவது

3 ஓம், 5 ஓம் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் இம்பீடன்ஸ் 5.83 ஓம். சிலர் 10 ஆம்பியர் × 5.83 ஓம் = 58.3 வோல்ட், 2.9 சதவீதம் என்று முடித்துவிடுவார்கள். லோடு கோணமும் டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ் கோணமும் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே இது பொருந்தும். இங்கே அது பவர் ஃபாக்டர் 0.51 லேகிங்கில். 0.8-இல் பொருந்தாது. ஆனால் முழு லோடில் உங்கள் விடை இந்த 2.9-ஐத் தெளிவாகத் தாண்டினால், எங்கோ பிழை இருக்கிறது.

sinφ-யின் குறி

லேகிங் என்றால் கூட்டல்.

கிலோவாட்டை வைத்து மின்னோட்டம் எடுப்பது

20 கே.வி.ஏ., 0.8 பவர் ஃபாக்டர் என்றால் லோடு 16 கிலோவாட். அதை 200-ஆல் வகுத்தால் 80 ஆம்பியர். பவர் ஃபாக்டராலும் வகுத்தால்தான் 100.

செங்குத்துக் கூறை விட்டதற்காகப் பயப்படுவது

மேலே உள்ள சூத்திரம், வோல்டேஜுக்குச் செங்குத்தாக வரும் டிராப்பை விட்டுவிடுகிறது. இங்கே அது 10 (5 × 0.8 − 3 × 0.6) = 22 வோல்ட். அதையும் சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 2054.1 வோல்ட், ரெகுலேஷன் 2.706. தேவையில்லை.

எதால் வகுத்தோம் என்று எழுதாதது

முழு லோடு வோல்டேஜால் வகுத்தால் 2.7, லோடு இல்லாத வோல்டேஜால் வகுத்தால் 54/2054, அதாவது 2.63. இரண்டு வரையறையும் புழக்கத்தில் உள்ளன. எது என்று தாளில் எழுதுங்கள்.