தொத்தோரெஸ்ஸா மருத்துவர் அல்ல

மிலானிலிருந்து வந்த வாடகைக் கடிதத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். மூன்று நாளில் இரண்டு முறை திரும்பி வந்தது. "கணக்கு பார்க்கிற அம்மா எப்படி சார் டாக்டர்?" என்றார் வாடிக்கையாளர். கையெழுத்துக்கு முன்னிருந்த 'தொத்தோரெஸ்ஸா'வை நான் 'மருத்துவர்' ஆக்கியிருந்தேன். 'முனைவர்' என்று மாற்றினேன், அதுவும் தவறு. இத்தாலியில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எவருக்கும் அந்த அடைமொழி உண்டு. முனைவருக்கோ 'தொத்தோரே தி ரிச்செர்கா' என்று தனிப்பெயர் இருக்கிறது.

கடைசியில் 'திருவாட்டி' போட்டேன், ஏற்றுக்கொண்டார். பெண்களை மரியாதையாக அழைக்கும் 'சிஞ்ஞோரா'வுக்கும் அதையே வைத்தேன். மணமாகாதவரையும் அப்படி அழைப்பதால் 'திருமதி' ஒட்டாது.

பதிலை இத்தாலியனில் எழுதும்போது கவனித்தது: ஆணின் குடும்பப்பெயர் பின்னால் வந்தால் 'தொத்தோரே' கடைசி உயிரை இழந்து 'தொத்தோர் ரோஸ்ஸி' ஆகிவிடும். உறையில் 'வியா தாந்தே'யைத் தெருவாக்காமல் அப்படியே விட்டேன். அதைப் படிப்பவர் மிலான் தபால்காரர்.