ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று மாற்ற

அறிக்கையில் நெல் மகசூலை டன் கணக்கில் எழுதும்போது பெரும்பாலும் தவறுவது மூட்டையின் எடையில்தான். மூட்டை 60 கிலோவாகவும் இருக்கும், 75 கிலோவாகவும் இருக்கும். அதனால் ஐந்தாறு மூட்டைகளை நிறுத்து, காலிச் சாக்கின் எடையைக் கழித்துச் சராசரி எடுங்கள்.

ஏக்கருக்கு 35 மூட்டை, மூட்டைக்கு 62 கிலோ என்றால் 2,170 கிலோ. ஒரு ஹெக்டேர் என்பது 2.471 ஏக்கர். எனவே 2,170-ஐ 2.471-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் 5.36 டன். இதையே 75 கிலோ மூட்டை என்று நினைத்துப் போட்டிருந்தால் 6.49 டன் வந்திருக்கும். ஒரு டன்னுக்கு மேல் பிழை!

சிலர் 2.471-ஆல் வகுத்துவிடுகிறார்கள். ஹெக்டேர் பெரியது, அதனால் விடை ஏக்கர் கணக்கைவிடக் கூடத்தான் வேண்டும்.

அப்புறம் ஈரப்பதம். அறுத்த கையோடு நிறுத்த நெல்லில் 20% ஈரம் இருந்தால், வழக்கமான 14% அளவுக்குக் கொண்டுவர 80/86-ஆல் பெருக்குங்கள். 5.36 டன் 4.99 ஆகிவிடும். எந்த ஈரப்பதத்தில் கணக்கிட்டீர்கள் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.